லினக்ஸ் சான்றிதழ்: விடையைத் தேர்ந்தெடுப்பதும் சர்வரைச் சரிசெய்வதும்

"லினக்ஸ் அட்மின் வேலைக்குப் போகணும், எந்த சர்ட்டிஃபிகேஷன் எடுக்கலாம்?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இப்போது பார்க்கும் வேலையில் உங்களுக்கு root அணுகல் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் என் யோசனையும் மாறும். எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணலில் உட்காருபவன் நான். விடையைக் குறிக்கும் கொள்குறித் தேர்வு, செய்து காட்டும் செய்முறைத் தேர்வு என இரண்டு வகைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எது உயர்ந்தது, எது மட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. யாருக்கு எது என்று சொல்ல முடியும். அதைத்தான் இங்கே விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் இரண்டு தேர்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

எல்பிஐசி-1 சான்றிதழை லினக்ஸ் ப்ரொஃபஷனல் இன்ஸ்டிடியூட் தருகிறது. இரண்டு தாள் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடம். பெரும்பாலும் கொள்குறி வினாக்கள். சிலவற்றில் சரியான விடைகள் இரண்டு மூன்று இருக்கும், அத்தனையையும் குறிக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் கோடிட்ட இடத்தில் கட்டளையின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழை ரெட் ஹாட் நிறுவனம் தருகிறது. இதில் கேள்வித்தாளே கிடையாது. ஒரு லினக்ஸ் கணினியின் முன் உட்கார வைத்து, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். மூன்று மணி நேரம். 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இணையம் கிடையாது. ஆனால் கணினியிலேயே இருக்கும் `man` பக்கங்களைத் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் எல்எஃப்சிஎஸ் தேர்வும் இதே வகைதான், நேரம் மட்டும் இரண்டு மணி. காம்ப்டியா நிறுவனத்தின் லினக்ஸ் பிளஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கொள்குறி வினாக்களோடு செய்து காட்டும் சில கேள்விகளும் அதில் உண்டு.

வித்தியாசம் புரிய வேண்டுமானால் ஒரே விஷயத்தை இரண்டு தேர்வும் எப்படிக் கேட்கும் என்று பார்த்தால் போதும். ரெட் ஹாட் தேர்வு எழுதுபவர்கள் அங்கே வந்த வேலைகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். அதனால் எல்லோரும் பார்க்கும்படி அவர்கள் வெளியிட்டிருக்கும் பாடத்திட்டத்தை வைத்து நானே ஒரு வேலையை அமைத்திருக்கிறேன்.

கொள்குறித் தேர்வாக இருந்தால் கேள்வி இப்படி வரலாம்: "செலினக்ஸ் பாதுகாப்பில் ஒரு போர்ட்டுக்கு வகையை ஒதுக்கும் கட்டளை எது?" கீழே `chcon`, `setsebool`, `semanage`, `restorecon` என்று நான்கு விடைகள். படித்தவருக்குப் பத்து விநாடி. அரைகுறையாகப் படித்தவரும் முதல் இரண்டை ஒதுக்கிவிட்டு மீதியில் ஒன்றைக் குறித்துவிட்டுப் போகலாம்.

செய்முறைத் தேர்வில் இதே விஷயம் இப்படி வரும்: "இந்த சர்வரில் httpd போர்ட் 82-இல் இயங்க வேண்டும். அதில் உள்ள seithi.html பக்கம் இன்னொரு கணினியிலிருந்து தெரிய வேண்டும். ரீபூட் செய்த பிறகும் தெரிய வேண்டும்." அவ்வளவுதான். செலினக்ஸ் என்ற பெயர்கூட அதில் இருக்காது. சிக்கல் எங்கே என்று கண்டுபிடிப்பதும் நம் வேலையாகிவிடுகிறது.

இனி டெர்மினலில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். httpd-யின் அமைப்புக் கோப்பில் `Listen 82` என்று மாற்றிவிட்டு சர்வீஸைத் தொடங்கினால், அது எழுந்திருக்காது. `curl http://localhost:82/seithi.html` என்று கேட்டால் "Connection refused" என்று வரும். அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டு யாருமே இல்லை என்று அர்த்தம். `journalctl -u httpd` பார்த்தால் 82-ஐப் பிடிக்க முடியவில்லை, "Permission denied" என்று இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஆள் தெரியும். சர்வீஸைத் தொடங்கியவர் root. root-க்கே அனுமதி இல்லை என்று கணினி சொன்னால், அது வழக்கமான கோப்பு அனுமதி சம்பந்தப்பட்டது இல்லை. அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் செலினக்ஸ் சொல்கிற பதில் அது. `semanage port -l | grep http` கொடுத்துப் பார்த்தால் `http_port_t` என்ற வகையின் கீழ் 80, 81, 443 போன்ற எண்கள் வரும். 82 இருக்காது. அதைச் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பது மறந்துவிட்டால் `man semanage-port` திறந்து கடைசியில் உள்ள எடுத்துக்காட்டைப் பார்த்தால் போதும். மனப்பாடம் தேவையில்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

போர்ட்டைச் சேர்த்ததும் சர்வீஸ் எழுந்துவிடும். மறுபடி `curl` கொடுத்தால் இப்போது 403 Forbidden. செய்தி மாறிவிட்டது, அதாவது முதல் தடை விலகி இரண்டாவது தெரிகிறது. கோப்பின் அனுமதி 644, எல்லோரும் படிக்கலாம். பிறகு ஏன் மறுக்கிறது? `ls -Z` போட்டால் கோப்பின் மேல் `admin_home_t` என்ற முத்திரை இருக்கும். யாரோ அதை root-இன் வீட்டு அடைவில் உருவாக்கி `mv` மூலம் இங்கே நகர்த்தியிருக்கிறார்கள். `mv` பழைய முத்திரையையும் கூடவே எடுத்து வந்துவிடும். `restorecon` கொடுத்தால் அந்த இடத்துக்கு உரிய முத்திரை திரும்ப வந்துவிடும், பக்கமும் திறந்துவிடும்.

உள்ளே எல்லாம் சரி. இன்னொரு கணினிக்குப் போய்க் கேட்டால் "No route to host" என்று வரும். நெட்வொர்க் அறுந்துவிட்டது என்று பலர் இங்கே ஐபி முகவரியையும் கேட்வேயையும் நோண்ட ஆரம்பிப்பார்கள். ஆனால் அதே கணினிக்கு `ssh` வேலை செய்கிறதே? அப்படியென்றால் பாதை இருக்கிறது, ஃபயர்வால்தான் திருப்பி அனுப்புகிறது. `firewalld` ஒரு போர்ட்டை மறுக்கும்போது எதிர்ப்பக்கத்தில் இந்த வாசகம்தான் தெரியும்.

அந்த `Listen` மாற்றத்தைத் தவிர, முழு வேலையும் ஐந்து வரிதான்:

```
semanage port -a -t http_port_t -p tcp 82
restorecon -v /var/www/html/seithi.html
firewall-cmd --permanent --add-port=82/tcp
firewall-cmd --reload
systemctl enable --now httpd
```

இந்த ஐந்து வரியையும் ஒருவர் மனப்பாடமாகவே வைத்திருக்கலாம், தவறில்லை. ஆனால் "Connection refused", "403", "No route to host" என்ற மூன்று செய்திகளும் மூன்று வெவ்வேறு இடத்தைக் கைகாட்டுகின்றன என்பது, சர்வரைக் கெடுத்துச் சரிசெய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். நாலு விடையில் ஒன்றைக் குறிக்கும் முறையால் இதை அளப்பது மிகக் கடினம். தடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய வரும் வரிசையே அந்த முறையில் கிடையாது.

அடுத்து, "ரீபூட் செய்த பிறகும்" என்ற அந்தச் சின்ன வரி. ரெட் ஹாட் தேர்வுகளில் நாம் செய்யும் அமைப்புகள் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க வேண்டும் என்பது அவர்களே வெளிப்படையாக அறிவித்திருக்கும் விதி. `--permanent` இல்லாமல் போர்ட்டைத் திறந்தால் அந்த நிமிடம் எல்லாம் வேலை செய்யும், ரீபூட்டில் காணாமல் போய்விடும். `systemctl start` மட்டும் கொடுத்து `enable` கொடுக்காவிட்டாலும் அதே கதைதான். இதைவிட ஆபத்தானது `/etc/fstab`. அதில் புது வட்டுக்கான வரியில் ஓர் எழுத்து தவறினால், ரீபூட்டில் கணினி அவசர நிலையில் போய் நின்றுவிடும். முழுதாக எழாத கணினியில் மற்ற வேலைகளையும் சோதிக்க முடியாது. ஒழுங்காகச் செய்த வேலைகளின் மதிப்பெண்ணும் அதோடு போய்விடக்கூடும். அதனால்தான் பழகியவர்கள் `fstab`-ஐத் தொட்டதும் `findmnt --verify` கொடுத்து, பிறகு `mount -a` கொடுத்துப் பார்ப்பார்கள். நேரம் முடிவதற்கு இருபது நிமிடம் முன்பே ஒருமுறை ரீபூட் செய்து, பட்டியலை மேலிருந்து கீழ்வரை சரிபார்ப்பார்கள். வேலையிடத்திலும் இதே பழக்கம்தான் நம்மைக் காப்பாற்றும். சர்வரில் ஒரு மாற்றம் செய்து பல மாதம் கழித்து, பேட்ச் போட ரீபூட் செய்யும்போதுதான் அந்த மாற்றம் நிலையானதா இல்லையா என்பது தெரியவரும்.

அப்படியானால் கொள்குறித் தேர்வு வீணா? இல்லவே இல்லை.

மூன்று மணி நேரச் செய்முறையில் கொடுக்கக்கூடிய வேலைகள் குறைவு. 120 கேள்விகளில் தொடக்கூடிய பரப்பு மிகப் பெரியது. எல்பிஐசி-1 எழுதுபவர் டெபியன் குடும்பத்தின் `dpkg`, `apt` இரண்டையும் படிக்க வேண்டும், ரெட் ஹாட் குடும்பத்தின் `rpm`, `yum` இரண்டையும் படிக்க வேண்டும். பூட் ஆவதிலிருந்து அச்சுப்பொறி வரை எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ரெட் ஹாட் தேர்வு ஒரே ஒரு லினக்ஸ் வகைக்குள் நடக்கிறது. அதை மட்டும் பழகியவர் உபுண்டு சர்வர் முன் முதல்முறை உட்காரும்போது தடுமாறுவது இயல்பு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. செய்முறைத் தேர்வைத் திருத்துவது, முடிவில் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான். நாம் எந்த வழியில் அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பது அதற்குத் தெரியாது. ஒரு கோப்பு படிக்க முடியவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் `chmod 777` போட்டவருக்கும், பக்கம் திறக்கிறதா என்ற சோதனையில் மதிப்பெண் கிடைத்துவிடலாம். "ஏன் இது தவறு?" என்று கேட்க அங்கே ஆளில்லை. நன்றாக எழுதப்பட்ட ஒரு கொள்குறி வினா அந்த "ஏன்" என்பதைக் கேட்டுவிடும். `df -h` காலி இடம் காட்டுகிறது, ஆனாலும் புதுக் கோப்பு எழுத முடியவில்லை, காரணம் என்ன என்று கேட்டால், ஐநோடு தீர்ந்துபோவதைப் பற்றி அறிந்தவர்தான் சரியாகக் குறிப்பார்.

ஆனால் கொள்குறி வகையின் பெரிய பலவீனம் டம்ப்ஸ். வெளியில் கசிந்த கேள்விகளை விடையோடு தொகுத்து விற்பதும் வாங்கிப் படிப்பதும் ஊரறிந்த சங்கதி. கேள்வியையும் விடையையும் சேர்த்து உருப்போட்டவர் எழுதும் தாளையும், புரிந்து படித்தவர் எழுதும் தாளையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. டம்ப்ஸ் இல்லாவிட்டாலும் ஊகத்துக்கு இடம் உண்டு. 60 கேள்வியும் நாலில் ஒன்று என்ற வகையாக இருக்கும் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். பாதி, அதாவது 30, நன்றாகத் தெரியும். மீதி 30-இல் இரண்டு விடைகளை ஒதுக்கும் அளவுக்கு மட்டும் தெரியும். கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாக 15 சரியாகிவிடும். மொத்தம் 45. பாதி தெரிந்தவர் முக்கால்வாசி தெரிந்தவராகத் தாளில் தெரிவார். செய்முறையிலும் வேலைகள் கசியலாம். ஆனால் போர்ட் 82 வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டவரும் அதை உட்கார்ந்து செய்துதான் ஆக வேண்டும்.

நேர்காணலில் நான் நடந்துகொள்ளும் விதமும் இதனால் மாறுகிறது. கொள்குறிச் சான்றிதழ் மட்டும் உள்ளவர் என்றால் டெர்மினலைத் திறந்து கொடுத்து அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். செய்முறைச் சான்றிதழ் உள்ளவரிடம் அந்தப் படியைத் தாண்டி, "காலையிலிருந்து சர்வர் மெதுவாக இருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?" என்று நேராகப் போய்விடுகிறேன். சான்றிதழ் யாருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை. பேச்சு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். யாருக்கு அதிகப் பயன்?

என் அனுபவத்தில், செய்முறைத் தேர்வால் மிக அதிகமாகப் பயன் பெறுபவர் இரவு ஷிஃப்டில் மானிட்டரிங் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்1 ஊழியர். சிவப்பு விளக்கு வந்தால் டிக்கெட் போட்டு எல்2-வுக்குத் தள்ளிவிட வேண்டும், அதற்கு மேல் தொடக்கூடாது என்பதுதான் அவருக்கு இடப்பட்ட உத்தரவு. வருடங்கள் ஓடும். ரெஸ்யூமில் "லினக்ஸ் மூன்று வருடம்" என்று இருக்கும், ஆனால் ஒரு சர்வரிலும் root-ஆக நுழைந்திருக்க மாட்டார். வீட்டில் லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு அவர் எவ்வளவு கற்றிருந்தாலும், அதைப் பார்த்துச் சாட்சி சொல்ல ஆளில்லை. ஒரு நடுநிலையான இடத்தில், கண்காணிப்பின் கீழ், மூன்று மணி நேரம் root-ஆக அவர் வேலை செய்ததற்கு ஆவணம் கிடைக்கிறது என்றால், அது அவருக்குப் பெரிய விஷயம். பெயர் தெரியாத கல்லூரியில் படித்தவருக்கும், கல்லூரிப் பாடத்தில் கணினியே இல்லாமல் தானாகக் கற்றவருக்கும் இதே கணக்குதான்.

ஆங்கிலத்தில் கொஞ்சம் தயங்குபவருக்கும் செய்முறை ஒருவகையில் நியாயமானது. இரண்டு தேர்வும் தமிழில் கிடையாது. ஆனால் கொள்குறி வினாக்களில் "கீழ்க்கண்டவற்றில் பொருந்தாதது எது", "மிகச் சிறந்தது எது" என்ற மாதிரி வாசகச் சுழிப்புகள் வரும். விஷயம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் மதிப்பெண் போகும். செய்முறையில் வேலை நேரடியாகச் சொல்லப்படும். செய்தது சரியா என்று கணினியையே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். `curl` பக்கத்தைக் காட்டிவிட்டால் சந்தேகமே இல்லை.

விண்டோஸ் அட்மினாக இருந்து லினக்ஸுக்கு மாறுபவருக்கும், ஒரே குழுவில் பலவகை லினக்ஸ் ஓடும் இடத்தில் சேரப்போகிறவருக்கும், எல்பிஐசி-1 பாடத்திட்டத்தை முதலில் படிக்கச் சொல்வேன். அவர்களுக்கு முதலில் தேவை முழு வரைபடம். தேர்வைக்கூட பிறகு பார்த்துக்கொள்ளலாம், பாடத்திட்டமே இலவசமாக இணையத்தில் இருக்கிறது.

பத்து வருடம் சர்வரோடு குடும்பம் நடத்திய அட்மினுக்கு இரண்டாலுமே பயன் குறைவு. அவர் கையாண்ட சிக்கல்களே அவருக்குச் சாட்சி. நிறுவனம் கேட்டால் எடுக்கலாம். எடுத்தாலும் ஆர்எச்சிஎஸ்ஏ மூன்று வருடத்திலும் எல்பிஐசி-1 ஐந்து வருடத்திலும் காலாவதியாகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கும் எல்லை உண்டு. வண்டி ஓட்டும் உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டியவர் அடுத்த நாளே கிண்டி நெரிசலில் சுலபமாக ஓட்டிவிடுவார் என்று யாரும் சொல்ல மாட்டோம். தேர்வில் இருப்பவை புதிதாக நிறுவிய கணினிகள். கெட்டுப்போனால் யாருடைய சம்பளப் பட்டியலும் நின்றுவிடாது. உண்மையான சர்வரில் ஒரு கட்டளையை அடிப்பதற்கு முன் பேக்கப் இருக்கிறதா, யாருக்குச் சொல்ல வேண்டும், தவறினால் எப்படிப் பின்வாங்குவது என்று யோசிக்க வேண்டும். அந்த நிதானத்தை எந்தத் தேர்வும் அளப்பதில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக் கட்டணம், எல்1 சம்பளத்தில் இருப்பவருக்குச் சுமைதான். ஆனால் பயிற்சிக்கு யாருக்கும் பெரிய தொகை கொடுக்க வேண்டிய அவசியமில்லை. 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப் போதும். ராக்கி லினக்ஸ் அல்லது அல்மா லினக்ஸ் இலவசம், இரண்டுமே ரெட் ஹாட் லினக்ஸைப் போலவே இயங்குபவை. தனிநபர்களுக்கான ரெட் ஹாட் டெவலப்பர் சந்தாவும் இலவசம். ஆளுக்கு 2 ஜிபி என்று இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு, சுத்தமான நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தைரியமாகக் கெடுக்கலாம்.

தயாராகிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள நான் சொல்லும் சோதனை இதுதான். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலையை நீங்களே அமைத்து, இணையத்தை அணைத்துவிட்டு, `man` பக்கங்களை மட்டும் வைத்துச் செய்யுங்கள். ரீபூட் செய்யுங்கள். இன்னொரு கணினியிலிருந்து சரிபாருங்கள். நேரம் மூன்று மணியைத் தாண்டினால், எந்த வேலையில் இழுத்தது என்று குறித்துக்கொண்டு அதை மட்டும் மறுபடி செய்யுங்கள். இரண்டரை மணியில் முடித்து, ரீபூட்டுக்குப் பின்னும் எல்லாம் நிற்கும் நிலை வந்த பிறகு பணம் கட்டுங்கள். அதற்கு முன் கட்ட வேண்டாம்.

ஆக, கையில் ஒரு தேர்வுக்குத்தான் பணம் இருக்கிறது, வேலையில் root இல்லை என்றால், யோசிக்காமல் செய்முறைத் தேர்வுக்குப் போங்கள். வேலையில் root இருக்கிறது, ஆனால் தெரியாத இடங்கள் நிறைய என்று தோன்றினால் எல்பிஐசி-1 பாடத்திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள், தேர்வு எழுதுவது உங்கள் விருப்பம். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. சான்றிதழ் எதுவாக இருந்தாலும் டெர்மினலைத் திறந்து கொடுத்து அரை மணி நேரம் பாருங்கள். இரண்டு சான்றிதழுக்கும் பணம் கட்ட முடியாத ஒருவர் நன்றாக வேலை தெரிந்தவராக இருந்தால், அந்த அரை மணியில் தெரிந்துவிடும்.